அம்மாவின் முறுக்குக்கு என்ன விலை?

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, சிரம்பானில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் ஒருவர் கேட்டார்: "உங்க அம்மா முறுக்கு சுடுவாங்கதானே? விருந்துக்கு 200 பாக்கெட் வேணும். ஒரு பாக்கெட் 50 கிராம். ஒரு வெள்ளி ஐம்பது காசுக்குப் போட்டுத் தர முடியுமான்னு கேட்டுச் சொல்லுங்க."

அன்று சாயங்காலமே அம்மாவுக்குப் போன் செய்தேன். பகாவ் பக்கத்துத் தோட்டத்தில்தான் இன்னும் இருக்கிறார். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், "சரின்னு சொல்லிடு" என்றார்.

"கட்டுமாம்மா?"

"ஏன் கட்டாது? மாவு என்ன விலை, எண்ணெய் என்ன விலை! 300 வெள்ளி வருதே."

நான் கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறவள். ஒரு பொருளைத் தயாரிக்க எவ்வளவு செலவாகிறது என்று மாதா மாதம் கணக்குப் போட்டு மேலதிகாரியிடம் கொடுப்பதுதான் என் வேலை. ஆனால் இருபது வருஷமாக அம்மா தீபாவளிக்கு முறுக்கு விற்று வருகிறார். அதற்கு ஒரு தடவைகூட நான் கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை. அந்தச் சனிக்கிழமை தராசை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன்.

அம்மாவின் கணக்கு எளிமையானது. அவர் ஒரு தடவை பிசைகிற மாவை 'ஒரு பிசைவு' என்பார். ஒரு பிசைவுக்கு எட்டு பாட்டில் வரும். சிவப்பு மூடி போட்ட பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று பத்து வெள்ளி. ஆக 80 வெள்ளி. செலவு? அரிசி மாவு, உளுந்து, மார்ஜரின், ஓமம், இரண்டு பாக்கெட் எண்ணெய், எல்லாம் சேர்த்து சுமார் 25 வெள்ளி. "மிச்சம் 55 வெள்ளிம்மா. உக்காந்த இடத்துல யார் குடுப்பா?"

அளவெல்லாம் பால் டின்தான். பத்து டின் அரிசி மாவுக்கு இரண்டு டின் உளுந்து மாவு. கெட்டிப்பால் வந்த பழைய டின் அது. விளிம்பு நசுங்கி, அடியில் துருப்பிடித்திருக்கிறது. முதலில் அந்த டின்னைத்தான் நிறுத்தேன். மாவை லேசாக அள்ளினால் 180 கிராம். டின்னைத் தட்டித் தட்டி நிரப்பினால் 225. அம்மாவின் கை பத்து டின் போட்டபோது மொத்தம் 2 கிலோவும் முப்பது கிராமும் வந்தது! அவர் கைக்கு டின் சரி. இன்னொருவர் கைக்குச் சரி வராது. அதனால் 2 கிலோ அரிசி மாவு, 400 கிராம் உளுந்து மாவு என்று எழுதிக்கொண்டேன்.

உளுந்தில்தான் முதல் பிசகு. கடையில் கிலோ 9 வெள்ளி. அப்படியானால் 400 கிராம் 3 வெள்ளி 60 காசு என்றார் அம்மா. ஆனால் உளுந்தை அப்படியே போடுவதில்லை. வறுத்து, மில்லில் கொடுத்து, சலிக்கிறோம். அரைக்கும் கூலி 2 வெள்ளி. ஒரு கிலோ உளுந்து சலித்து முடிந்தபோது 920 கிராம் மாவுதான் கைக்கு வந்தது. 11 வெள்ளி போட்டு 920 கிராம் வாங்கியிருக்கிறோம் என்றால், 400 கிராமின் விலை 4 வெள்ளி 78 காசு. வாங்கின எடைக்குக் கணக்குப் போடக்கூடாது. சட்டியில் போடுகிற எடைக்குத்தான் போட வேண்டும்.

இரண்டாவது, தேங்காய்ப் பால். அம்மா அதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. "நம்ம மரத்துக் காய்தானே!" ஆனால் அதே காயைப் பகாவ் கடைக்காரர் வந்து காசு கொடுத்து எடுத்துப் போகிறார். முறுக்கில் ஊற்றிய பிறகு அவருக்கு விற்க முடியாது. அது மட்டுமா, தீபாவளி நெருங்கும்போது மரத்துக் காய் போதாமல் பிழிந்த பாலை வாங்கித்தான் சமாளிக்கிறார். வாங்கும் விலையையே போட்டேன்: அரைக் கிலோவுக்கு 8 வெள்ளி. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மூன்றாவது, எண்ணெய். அம்மா வாங்குவது ஒரு கிலோ பிளாஸ்டிக் பாக்கெட், 2 வெள்ளி 50 காசு. அது வீட்டுச் சமையலுக்கென்று அரசாங்கம் மானியம் கொடுத்து விற்கிற எண்ணெய். விற்பனைக்குச் சுடுவதற்கு அது அல்ல. சில வாரம் கடையில் கிடைப்பதும் இல்லை. அதை நம்பி விலை வைத்துவிட்டு, கிடைக்காத வாரத்தில் பாட்டில் எண்ணெய் வாங்கினால் விலை இரண்டரை மடங்கு. எங்கள் கடையில் 5 கிலோ பாட்டில் 32 வெள்ளி. கிலோவுக்கு 6 வெள்ளி 40 காசு ஆகிறது.

சரி, ஒரு பிசைவுக்கு எவ்வளவு எண்ணெய்? யாரைக் கேட்டாலும் கையை விரிப்பார்கள். ஊற்றியதை நிறுத்து, மீந்ததை நிறுத்தால்தான் தெரியும். அன்று ஒரே எண்ணெயில் இரண்டு பிசைவு சுட்டோம். குறையக் குறைய ஊற்றியது மொத்தம் 4 கிலோ. ஆறவைத்து வடிகட்டியபோது 2 கிலோ 300 கிராம் இருந்தது. அப்படியானால் ஒரு பிசைவு குடித்தது 850 கிராம். ஆனால் அதை மட்டும் கணக்கில் எழுதினால் தப்பு. மீந்த எண்ணெய் கறுத்துப் போய்விட்டது. அதில் மூன்றாவது பிசைவு சுட்டால் வாடை வரும். அம்மா இத்தனை வருஷமும் அதைச் சம்பலுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். இனி வேண்டாம் என்று எடுத்து வைத்துவிட்டேன். எனவே 4 கிலோவும் அந்த இரண்டு பிசைவின் செலவுதான். ஒரு பிசைவுக்கு 2 கிலோ, 12 வெள்ளி 80 காசு.

அடுத்தது எடை. பிசைந்த மாவை நிறுத்தால் 4 கிலோ 100 கிராம். சுட்டு ஆறிய முறுக்கு 3 கிலோ 300 கிராம். "எண்ணெய் குடிச்சும் எப்படிம்மா குறையுது?" என்று நான் கேட்டேன். அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"பால் மரம் வெட்டுன காலத்துல கிராணி எதுக்குக் காசு போட்டாரு? வாளியில இருக்கிற பாலுக்கா?"

அம்மா முப்பது வருஷம் பால் மரம் வெட்டியவர். விடிவதற்கு முன் பெரட்டுக்குப் போய், மரம் மரமாக மங்கில் வடிந்த பாலைச் சேர்த்துத் தூக்கி வந்தால், அதை நிறுப்பதோடு முடியாது. மெட்ரோலாக் என்கிற கண்ணாடிக் குழாயைப் பாலில் மிதக்கவிட்டு, அதில் காய்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்று பார்ப்பார்கள். வாளி நிறையப் பால் இருந்தாலும் அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் ரப்பர். மற்றது பெரும்பாலும் தண்ணீர். கூலி அந்தக் காய்ந்த எடைக்கு. மழைத் தண்ணீர் கலந்த நாளில் வாளி கனக்கும், காசு கனக்காது.

நான் இரண்டு நாள் பேசியும் புரியவைக்க முடியாததை அம்மாவே சொல்லிவிட்டார். ஈரமாவில் இருந்த தண்ணீர் ஆவியாகிப் போகிறது. அந்த இடத்தில் கொஞ்சம் எண்ணெய் புகுந்துகொள்கிறது. விற்பது காய்ந்த எடையைத்தான். ஆகவே செலவை வகுக்க வேண்டியதும் அந்த எடையால்தான்.

மறுநாள் நடந்தது இதை இன்னும் நன்றாக விளக்கியது. கேஸ் தோம்பு தீரும் நேரம். அடுப்பு மந்தமாக எரிந்தது. அந்தப் பிசைவு 3 கிலோ 500 கிராம் வந்தது. 200 கிராம் கூடுதல் என்று நான் சந்தோஷப்பட்டேன். அம்மா ஒரு முறுக்கை ஒடித்து நாளிதழ் மேல் வைத்து விரலால் அழுத்தினார். தாளில் எண்ணெய் வட்டம் பரவியது. எண்ணெயை நிறுத்துப் பார்த்தால், குடித்தது 1 கிலோ 100 கிராம். "இது தண்ணி கலந்த பால்" என்றார். எண்ணெய் சூடு குறைந்தால் மாவு சீக்கிரம் இறுகாமல் எண்ணெயை இழுத்துக்கொள்ளும். மாவு தளர்ந்திருந்தாலும் அப்படித்தான். எடை கூடும்; ஆனால் பாட்டிலில் நாலைந்து முறுக்கு குறையும், பத்து நாளில் சிக்கு வாடையும் வரும். அதை விற்கவில்லை. எடை வழக்கத்தைவிடக் கூடினால் லாபம் என்று நினைக்காமல், எண்ணெயை நிறுத்துப் பார்க்க வேண்டும் என்று நோட்டில் எழுதிக்கொண்டேன்.

நல்ல பிசைவின் 3 கிலோ 300 கிராமில் 150 கிராம் உடைந்த துண்டு. அது வீட்டுக்கு. விற்கக்கூடியது 3 கிலோ 150. அம்மா கண்ணளவில் நிரப்பிய பாட்டில்களை நிறுத்தேன்: குறைந்தது 340 கிராம், அதிகம் 440. சிரித்த முகத்தோடு பேசுகிறவர்களுக்கு அமுக்கி நிரப்புவார் போலிருக்கிறது! எல்லாவற்றையும் 350 கிராம் என்று வைத்தால் ஒரு பிசைவுக்கு எட்டு அல்ல, ஒன்பது பாட்டில். லேபிளில் எடை போட்டால் அதற்குக் குறையக்கூடாது என்பதால், ஒவ்வொன்றையும் தராசில் வைத்தே மூடுகிறோம்.

நோட்டில் ஒரு பிசைவுக்கு எழுதியது இது:

அரிசி மாவு 2 கிலோ – 10.40
உளுந்து மாவு 400 கிராம் – 4.78
மார்ஜரின் 200 கிராம் – 3.20
தேங்காய்ப் பால் அரைக் கிலோ – 8.00
ஓமம், எள், மிளகாய்த்தூள், உப்பு – 2.50
எண்ணெய் 2 கிலோ – 12.80
கேஸ் – 1.60
மின்சாரம், தண்ணீர், வடிக்கும் தாள் – 1.00
பாட்டில், லேபிள் (9 x 1.60) – 14.40
மொத்தம் – 58 வெள்ளி 68 காசு

கேஸுக்கும் தராசுதான். 14 கிலோ தோம்பு வீட்டுக்கு வந்து இறங்க எங்களுக்கு 30 வெள்ளி. நாலு பிசைவு முடிந்தபோது தோம்பில் 3 கிலோ குறைந்திருந்தது. ஒரு பிசைவுக்கு முக்கால் கிலோ. எல்லாரும் கேஸ் விலையைப் பற்றித்தான் புலம்புகிறோம். ஆனால் இந்தப் பட்டியலில் அது கடைசிக்கு முந்தின ஆள். வெறும் பாட்டிலே அதைப்போல ஒன்பது மடங்கு!

58.68ஐ ஒன்பதால் வகுத்தால் ஒரு பாட்டில் 6 வெள்ளி 52 காசு. "அப்பறம் என்ன? பத்து வெள்ளிக்கு வித்தா மூணரை வெள்ளி நிக்குதே" என்றார் அம்மா.

"உன் கூலி எங்கம்மா?"

"எனக்கு எதுக்குடி கூலி?"

நேரத்தை ஏற்கெனவே எழுதி வைத்திருந்தேன். ஒரு பிசைவை முப்பது ஈடாகச் சுடுகிறோம். ஈடுக்கு ஆறு நிமிஷம். அதுவே மூன்று மணி நேரம். உளுந்து வறுத்துச் சலிப்பது, பிசைவது, நிறுத்து அடைப்பது, சட்டி கழுவுவது, பக்கத்து வீட்டு அக்கா வந்து பிழிந்து கொடுப்பது எல்லாம் சேர்த்தால் ஒரு பிசைவுக்கு ஆறு மணி நேர ஆள் வேலை. பழைய கணக்குப்படி எட்டு பாட்டிலைப் பத்து வெள்ளிக்கு விற்றால், உண்மையான செலவு போக நிற்பது 55 வெள்ளி அல்ல. 22 வெள்ளி 92 காசு. ஆறு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 3 வெள்ளி 82 காசு.

2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. மணிக்கு 8 வெள்ளி 17 காசு. அம்மா வாங்கியது அதில் பாதிகூட இல்லை. அந்தப் பக்கத்தைக் காட்டியபோது அம்மா ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய் அடுப்பைத் துடைத்தார். நான் சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று தோன்றியது. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, "அக்காவுக்கு ஒவ்வொரு வருஷமும் ரெண்டு பாட்டில்தான் குடுத்து அனுப்புறேன்" என்றார். தன் கூலியைவிட அதுதான் அவரை உறுத்தியிருக்கிறது.

ஆறு மணி நேரத்துக்கு 8.17 வீதம் 49 வெள்ளி 2 காசு. அதைச் சேர்த்தால் ஒரு பிசைவு 107 வெள்ளி 70 காசு. ஒரு பாட்டில் 11 வெள்ளி 97 காசு, சொல்லப்போனால் 12 வெள்ளி. இதில் லாபம் இல்லை. செய்தவர்களின் கூலி மட்டும் இருக்கிறது. அன்றைக்கு வீணான அந்த எண்ணெய்ப் பிசைவு மாதிரி நட்டம் வந்தால் தாங்க, அச்சு தேய்ந்தால் மாற்ற, கொண்டுபோய்க் கொடுக்க இதற்கு மேல் வேண்டும். 15 வெள்ளி வைத்தால் 3 வெள்ளி கிடைக்கும். நேரடியாக விற்றால் அது சரி. கடையில் வைத்து, கடைக்காரர் நூற்றுக்கு இருபது எடுத்துக்கொண்டால் அந்த 3 வெள்ளி அவருக்குப் போய்விடும். நமக்குக் கூலி மட்டும்தான்.

இனி அலுவலகம் கேட்ட பாக்கெட். 3 கிலோ 150ஐ 50 கிராமாகப் பிரித்தால் 63 பாக்கெட். பாட்டில் செலவைக் கழித்துவிட்டால் பொருள் செலவு 44 வெள்ளி 28 காசு. பாக்கெட்டுக்கு 70 காசு. உறையும் லேபிளும் 25 காசு. கூலி? ஆறு மணி நேரத்தோடு, 63 பாக்கெட்டை நிறுத்து ஒட்ட இன்னும் ஒரு மணி நேரம் ஆனது. ஏழு மணி நேரக் கூலியைப் பங்கிட்டால் பாக்கெட்டுக்கு 91 காசு. மொத்தம் 1 வெள்ளி 86 காசு.

அதே முறுக்குதான். ஆனால் பாட்டிலாக விற்றால் 350 கிராமுக்கு 11.97, ஏழு பாக்கெட்டாக விற்றால் 13.02. சின்னதாகப் பிரிக்கப் பிரிக்க முறுக்கின் செலவு பிரிகிறது. உறை, லேபிள், ஒட்டும் நேரம் பிரிவதில்லை. ஒரு வெள்ளிக்கு ஒரு பாக்கெட் என்று அளவைப் பாதியாக்கி 25 கிராம் போட்டாலும் எங்கள் செலவு 1 வெள்ளி 10 காசைத் தாண்டுகிறது. இயந்திரத்தில் பிழிந்து அடைக்கிற கம்பெனியோடு அந்த விலையில் நாம் போட்டி போட முடியாது. 1.50க்கு ஒத்துக்கொண்டிருந்தால் அம்மாவும் அக்காவும் மணிக்கு ஐந்து வெள்ளிக்கும் குறைவாக வேலை செய்திருப்பார்கள். அலுவலகம் கொடுக்கும் 300 வெள்ளியைப் பார்த்து நான் நன்றியும் சொல்லியிருப்பேன்.

திங்கட்கிழமை 2 வெள்ளி 50 காசு என்று சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்தார். கையில் கணக்கு இருந்ததால் எனக்குத் தயக்கம் இல்லை. எது வரைக்கும் இறங்கலாம் என்று தெரிந்திருந்தது. கடைசியில் 2 வெள்ளி 30 காசுக்கு முடிந்தது. 200ஐ 150 ஆகக் குறைத்துக்கொண்டார். பரவாயில்லை. கூலி எல்லாம் போக 66 வெள்ளி நின்றது. அக்காவுக்கு முதல் தடவையாக உறையில் போட்டுப் பணம் கொடுத்தார் அம்மா. அவர் வாங்க மறுத்ததும், இவர் கோபித்துக்கொண்டதும் தனிக்கதை.

பாட்டில் விலையில்தான் எங்களுக்குள் சண்டை. எல்லாருக்கும் 15 என்றேன் நான். "லயத்துல கூட இருந்தவங்ககிட்ட எப்படிம்மா அஞ்சு வெள்ளி ஏத்துறது?" என்றார் அம்மா. இரவு நோட்டை வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். காலையில் அவரே விலை சொன்னார். வெளியாளுக்கு 15. தோட்டத்து ஆட்களுக்கு 12.

"பன்னண்டுல என் கூலி வந்துடுதில்ல?"

"வந்துடும்மா. லாபம் மட்டும் இல்ல."

"அந்த மூணு வெள்ளி நான் அவங்களுக்குக் குடுக்கிறதா இருக்கட்டும்" என்றார். "இத்தனை வருஷம் எவ்வளவு குடுத்தேன்னே தெரியாம குடுத்தேன்."

நோட்டு இப்போது அம்மாவிடம்தான் இருக்கிறது. போன வாரம் போன் செய்தார். தேங்காய்ப் பால் அரைக் கிலோவுக்கு 50 காசு ஏறிவிட்டதாம். பாட்டிலுக்கு எவ்வளவு கூடும் என்று கேட்டார். நான் மனத்தில் வகுத்துப் பார்ப்பதற்குள் அவரே சொல்லிவிட்டார்: "ஆறு காசுக்குள்ளதாம்மா. வெலைய ஏத்த வேணாம்."